ஆண்டு இல்லாத புத்தகங்கள்

"எக்கா, கொஞ்சம் இங்கன வாங்க."

அவள் குரலைத் தாழ்த்திக் கூப்பிட்டாள். எங்கள் நூலகத்தில் கணினிப் பதிவு வேலை பார்க்கிற பெண் அவள். மேலப்பாளையத்துக்காரி. சாதாரணமாகச் சத்தம் போட்டுத்தான் பேசுவாள். சத்தத்தைக் குறைத்தாள் என்றால் ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் நான் நூலகராக இருக்கிறேன். அந்த வாரம் எங்கள் தலையில் விழுந்திருந்த வேலை இன்னோர் ஊர் நூலகத்தினுடையது. சேரன்மாதேவியைத் தாண்டி ஆற்றங்கரையோரமாக உள்ள ஊர் அது. அங்கே ஓர் அறக்கட்டளை நெடுங்காலமாக ஒரு வாசகசாலை நடத்திவந்தது. தாமிரபரணியில் வெள்ளம் வந்தபோது தண்ணீர் உள்ளே புகுந்து கீழ்த்தட்டுப் புத்தகங்களெல்லாம் கூழாகிவிட்டன. மேல்தட்டுகள் தப்பின. ஆனால் ஆற்றுப் பக்கத்துச் சுவர் பிளந்துவிட்டது. கட்டடத்தைக் காலி செய்து இடிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. அதற்குப் பிறகுதான் தப்பிய புத்தகங்களை எங்கள் கல்லூரி ஏற்றுக்கொள்வது என்று பேசி முடித்தார்கள்.

எங்கள் பிரின்சிபால் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். நம் மென்பொருளில் பதிவான புத்தகம் மட்டும்தான் நம் வாசலுக்குள் வரவேண்டும். முன்பு ஒருமுறை யாரோ கொடுத்த புத்தக மூட்டைகள் பிரிக்கப்படாமலே மாடிப்படிக்குக் கீழே கறையான் தின்று போயின. அந்தக் கசப்பு அவருக்கு இருந்தது. அதில் தப்பு சொல்ல முடியாது.

வாசகசாலையில் நூற்பட்டியல் என்று இருந்தது ஒன்றே ஒன்றுதான். எந்தக் காலத்திலோ ஒரு செயலாளர் தட்டச்சு செய்துவைத்த தாள்கட்டு. ஒரு புத்தகத்துக்கு ஒரு வரி. முதலில் எழுதியவர் பெயர், அடுத்து தலைப்பு, அடுத்து பதிப்பகம், ஆண்டு, கடைசியில் அடுக்கு எண். ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு கால்புள்ளி. அதை வண்ணார்பேட்டையில் ஒரு டைப்பிங் கடையில் கொடுத்து அப்படியே கணினியில் அடித்து வாங்கியிருந்தார்கள். எங்கள் மென்பொருளுக்கு அந்த ஒரே வரி போதாது. ஐந்து தகவலும் ஐந்து கட்டங்களில் தனித்தனியாக உட்கார வேண்டும்.

அவள் அதை எக்செல்லுக்குள் கொண்டுவந்து, கால்புள்ளி வரும் இடமெல்லாம் வெட்டு என்று சொன்னாள். ஒரு நொடியில் மொத்தப் பட்டியலும் ஐந்து பத்தியாகப் பிரிந்து நின்றது. முதல் பக்கத்தைப் பார்த்தோம், அழகாக இருந்தது. இரண்டாவது பக்கமும் அப்படித்தான். மென்பொருளில் ஏற்றினோம். 'பதிவேற்றம் முடிந்தது' என்று வந்தது. பதிவானவற்றை அடுக்கு எண் வரிசையில் எடுத்து வாசகசாலைச் செயலாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன். அவர் முந்தின நாளிலிருந்தே அதற்காகத்தான் போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தார்.

இப்போது அவள் காட்டிய திரையில் இருந்தது வேறொரு கோப்பு. மென்பொருள் ஏற்காமல் ஒதுக்கிய வரிகளை அதுவாகவே ஓர் ஓரத்தில் சேர்த்துவைத்திருக்கிறது. 'முடிந்தது' என்று சொன்னதே தவிர, எத்தனை ஏறியது, எத்தனை ஏறவில்லை என்று சொல்லவில்லை. அவள் தற்செயலாகத்தான் அந்தக் கோப்பைத் திறந்திருக்கிறாள். கீழே தள்ளத் தள்ள வரிகள் வந்துகொண்டே இருந்தன.

"இது எல்லாமா ஏறல?"

"ஆமாக்கா. பூராவும் பழசு மாதிரி தெரியுது."

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். முதலில் கண்ணில் பட்டது ஒரு விவசாயப் புத்தகம். தலைப்பு 'நெல், வாழை, வெற்றிலை'. கால்புள்ளி கண்ட இடமெல்லாம் வெட்டச் சொன்னதால் தலைப்புக் கட்டத்தில் நெல், பதிப்பகத்தில் வாழை, ஆண்டில் வெற்றிலை என்று உட்கார்ந்திருந்தது. ஆண்டு என்றால் நான்கு இலக்க எண் வேண்டும் என்று மென்பொருளுக்குச் சொல்லிவைத்திருக்கிறோம். வெற்றிலையை அது எப்படி ஏற்கும்? உண்மையான பதிப்பகம் அடுக்கு எண் கட்டத்தில் இருந்தது; ஆண்டும் அடுக்கு எண்ணும் ஆறாவது, ஏழாவது பத்திகளுக்குத் தள்ளப்பட்டுக் கிடந்தன. அங்கே யாரும் பார்க்கப்போவதில்லை.

அடுத்தது ஆண்டே இல்லாத புத்தகம். தட்டச்சு செய்தவர் இல்லாத தகவலுக்கு வெற்றிடம் விடாமல் அடுத்ததற்குப் போயிருந்தார். அதனால் அடுக்கு எண் ஒரு கட்டம் இடப்பக்கம் நகர்ந்து ஆண்டுக் கட்டத்தில் ஏறிக்கொண்டது. அடுக்கு எண் கட்டம் காலி. அதன் பிறகு வந்தவை இப்படிப்பட்டவைதான். ஆண்டு என்ற இடத்தில் 'விகிர்தி வருஷம்', 'பிலவ வருஷம் தை மாதம்', 'ஹிஜ்ரி' என்று போட்டு ஓர் எண். பழைய புத்தகங்களில் இப்படித்தானே அச்சிட்டிருப்பார்கள்?

அப்போதுதான் எனக்கு முழுசாக உறைத்தது. மென்பொருள் திருப்பியது ஏதோ கலந்துகட்டி அல்ல. அந்த வாசகசாலையில் எவை ரொம்பப் பழையவையோ, எவை வேறெங்கும் கிடைக்காதோ, பார்த்துப் பார்த்து அவற்றையே கழித்திருந்தது.

செயலாளருக்குப் போன் போட்டேன். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடியும் போட்டேன். நான் அனுப்பிய பட்டியலுக்குக் கீழே வாட்ஸ்அப்பில் அவர் ஒரு செய்தி அனுப்பியிருந்தார். காலையிலேயே வந்தது. நான் அதைச் சரியாகப் படிக்கவில்லை. 'லிஸ்ட் கிடைத்தது. நம்பர் பார்த்துக் கட்ட ஆரம்பித்துவிட்டோம். லிஸ்டில் இல்லாததைப் பழைய பேப்பருக்குச் சொல்லியாச்சு.'

"நீ இங்க இருந்து இந்த வரிகளச் சரி பண்ண முடியுமான்னு பாரு. நான் அங்க போறேன்" என்றேன்.

"பிரின்சிபால் கிட்ட சொல்லிட்டுப் போங்கக்கா."

"போற வழியில சொல்லுதேன்."

*

பாபநாசம் பஸ்ஸில் நிற்கத்தான் இடம் கிடைத்தது. ஒரு கையில் கம்பி, ஒரு கையில் போன். பிரின்சிபால் எடுத்தார். நடந்ததைச் சொன்னேன். பஸ் இரைச்சலில் பாதி அவருக்குக் கேட்கவில்லை. கேட்டதுவரைக்கும் போதும் என்பதுபோல் அவர் பதில் சொன்னார்.

"ஆண்டுதான பிரச்சினை? எல்லாத்துக்கும் ஆயிரத்துத் தொள்ளாயிரம்னு போட்டு ஏத்திவிடச் சொல்லுங்க. பொறவு பாத்துக்கலாம்."

"சார், அது தப்பான தகவலா..."

"மேடம், ஏறிச்சுன்னா புத்தகம் உள்ள வரும். ஏறலன்னா வராது. எது வேணும் உங்களுக்கு?"

போனை வைத்துவிட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அதனால்தான் கோபம் வந்தது. 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று நூலகத்தில் ஒதுக்கிய எதையும் யாரும் பிறகு பார்த்து நான் கண்டதில்லை. எல்லாப் பழைய புத்தகத்துக்கும் ஒரே ஆண்டைப் போட்டுவிட்டால், நாளை ஆய்வுக்கு வரும் ஒரு பிள்ளை அதை நம்பி எழுதும். அதை நம்பி இன்னொருவர் எழுதுவார். பொய்யென்று கண்டுபிடிக்க வழியே இருக்காது. பார்க்க அது உண்மையான ஆண்டு மாதிரியே இருக்கும்.

பத்தமடையில் பாய்க்கட்டோடு இரண்டு பேர் ஏறினார்கள். அதற்குள் அவள் கூப்பிட்டாள்.

"எக்கா, இடது பக்கத்திலேருந்து வெட்டுனாத்தான் சிக்குது. வலது பக்கத்திலேருந்து வந்தா என்ன? கடேசியில இருக்குறது எப்பவும் அடுக்கு எண்ணுதான். அதுக்கு ஒரு சாயல் இருக்கு பாருங்க. ஓர் எழுத்து, ஒரு கோடு, ஒரு எண். அத மொதல்ல புடிச்சு அதோட கட்டத்துல போட்டுருதேன். அதுக்கு முந்துனது நாலு இலக்கமா இருந்தா ஆண்டு. இல்லன்னா ஆண்டு காலி. இப்படிச் செய்யலாமா?"

"ஹிஜ்ரின்னு இருந்தா? பிலவன்னு இருந்தா?"

"அந்த வார்த்தைங்க வர்ற வரிய மட்டும் தனியா எடுத்துருதேன். வருஷம்னு வர்றதையும்தான்."

"பதிப்பகம்?"

"அதான் இழுக்குது. ஆண்டுக்கு முந்துனது பதிப்பகம். ஆனா சிலதுல அதுவுமில்ல. தலைப்பப் பதிப்பகம்னு போட்டுருமோன்னு பயமா இருக்கு."

அவள் சொன்ன பயம் சரியானது. எனக்குள் இன்னொரு பயம் முளைத்தது. இரண்டு பேர் எழுதிய புத்தகம், பதிப்பகம் இல்லை என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆள் எழுதியவர் கட்டத்தில் உட்காருவார். இரண்டாவது ஆள் தலைப்பாகிவிடுவார். தலைப்பு பதிப்பகமாகிவிடும். ஆண்டும் அடுக்கு எண்ணும் ஒழுங்காக அதனதன் இடத்தில் இருக்கும். ஐந்து கட்டமும் நிரம்பியதால் மென்பொருள் சந்தோஷமாக ஏற்றிக்கொண்டிருக்கும். திருப்பியனுப்பிய வரிகளாவது தப்பென்று கத்தின. இவை சத்தமில்லாமல் உள்ளே போய் உட்கார்ந்திருக்கும்.

"ஏறினதையும் பாக்கணும் போல" என்றேன்.

"மொதல்ல ஏறாததக் காப்பாத்துவோம்க்கா."

*

வாசகசாலை வாசலில் ஒரு குட்டியானை லோடு வண்டி நின்றது. பின்கதவு திறந்திருந்தது. உள்ளே பாதிக்குமேல் புத்தகங்கள். கட்டிவைக்கப்படவில்லை, கொட்டப்பட்டிருந்தன. வராந்தாவில் இன்னொரு குவியல். இரண்டு ஆட்கள் அதிலிருந்து அள்ளி வண்டியில் போட்டுக்கொண்டிருந்தார்கள். எதிர்ப்பக்கம் சுவரோரமாக, ஒட்டி எண் எழுதிய அட்டைப்பெட்டிகள் ஒழுங்காக அடுக்கியிருந்தன. அவை எங்கள் கல்லூரிக்கு.

"நிறுத்துங்க" என்றேன். சத்தம் எனக்கே அதிகமாகப் பட்டது.

செயலாளர் உள்ளேயிருந்து வந்தார். அறுபது தாண்டியவர். ஊரில் அரிசி ஆலை வைத்திருந்தார். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. கையில் நான் அனுப்பிய பட்டியலை அச்சிட்டு வைத்திருந்தார். ஒவ்வொரு எண்ணுக்கும் நேரே நீல மையில் சரி அடையாளம் போட்டிருந்தார்.

"வாங்கம்மா. என்ன இம்புட்டு தூரம்? ராத்திரிக்குள்ள உங்க பெட்டியெல்லாம் ஏறிரும்."

"அண்ணாச்சி, அந்த லிஸ்ட் முழுசில்ல. வண்டியில போற புத்தகமெல்லாம் எங்களுக்கு வரவேண்டியது."

அவர் முகம் மாறியது. "முழுசில்லையா? நீங்கதான அனுப்புனிய?"

"நான்தான் அனுப்புனேன். கம்ப்யூட்டர்ல பாதி வரி ஏறல. இப்பத்தான் தெரிஞ்சுது."

"என்னம்மா நீங்க சொல்லுதிய?" அவர் குரல் ஏறியது. "நாளைக்குக் காலையில இடிக்க ஆள் வாரான். அந்தச் சுவரப் பாருங்க, கைய விட்டா மறுபக்கம் போவுது. இந்தப் பிள்ளைகள உள்ள நிறுத்தி வேலை வாங்கவே எனக்கு ஈரக்குலை நடுங்குது. உங்க பிரின்சிபால் என்ன சொன்னாவ? லிஸ்டுல இருந்தா எடுப்போம், இல்லன்னா வாசலிலேயே திருப்பிருவோம்னு சொன்னாவ. நான் லிஸ்டப் பாத்துக் கட்டுதேன். இதுல என் மேல என்ன தப்பு?"

"உங்க மேல தப்பே இல்ல அண்ணாச்சி."

"பொறவு?"

"கொஞ்சம் பொறுங்க. புது லிஸ்ட் வந்துக்கிட்டு இருக்கு."

"எப்ப வரும்?"

எனக்குத் தெரியவில்லை. போனைப் பார்த்தேன், அவளிடமிருந்து ஒன்றும் வந்திருக்கவில்லை. அவர் தலையைத் திருப்பி வண்டிக்காரரைப் பார்த்தார். வண்டிக்காரர், தனக்கு இன்னொரு இடத்தில் லோடு இருக்கிறது, நிற்க முடியாது என்றார். அதோடு, காலையிலேயே ஒரு நடை போய் இறக்கியாகிவிட்டது என்றும் சொன்னார்.

ஒரு நடை போய்விட்டது.

"எங்க இறக்குனிய?"

"பேட்டையில எங்க குடோன்ல."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் அழப்போகிறேன் என்று நினைத்திருப்பார் போல. கோபம் அப்படியே இருந்தது. ஆனால் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து குடோன்காரரைக் கூப்பிட்டார். "ஏய், நம்ம வாசகசாலைப் புத்தகத்துல கை வைக்காண்டாம். அப்படியே போட்டு வை. நான் சொல்லுதவரைக்கும் ஒண்ணுஞ் செய்யாண்டாம்." அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, "கிழிச்சதெல்லாம் போகட்டும், மிச்சத்த வை" என்றார்.

பிறகு என்னிடம், "இருட்டுற வரைக்கும் பாப்பேன். கரண்ட வேற புடுங்கிட்டான். இருட்டுல அந்தச் சுவருக்குக் கீழ யாரையும் நிறுத்த மாட்டேன். அதுக்குள்ள லிஸ்ட் வந்தா பெட்டியில போடுதேன். வரலன்னா வண்டி கிளம்பும். பொறவு என்னையக் குத்தம் சொல்லப்படாது" என்றார்.

"சரி அண்ணாச்சி."

*

வராந்தாக் குவியலின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டேன். அவள் அந்த முனையில் ஒதுக்கப்பட்ட வரிகளைப் புதிதாகப் பிரித்து வைத்திருந்தாள். பிரித்தது சரியா என்று பார்க்கக் கையில் புத்தகம் இருக்கிறவள் நான்தான்.

ஒரு புத்தகத்தை எடுத்து முதுகில் ஒட்டியிருந்த அடுக்கு எண்ணைச் சொல்வேன். அவள் அந்த வரியைப் பிடித்து, எழுதியவர், தலைப்பு, பதிப்பகம் என்று வாசிப்பாள். நான் உள்ளே தலைப்புப் பக்கத்தோடு ஒத்துப்பார்ப்பேன். முதலில் எடுத்ததெல்லாம் சரியாக இருந்தன. பிறகு ஒன்றில் பதிப்பகம் என்று அவள் வாசித்தது தலைப்பின் பின்பாதி. இன்னொன்றிலும் அதேதான்.

"அச்சகம், பிரஸ், பதிப்பகம், நிலையம்னு வர்ற வார்த்தை இருந்தா மட்டும் பதிப்பகக் கட்டத்துல போடு. இல்லன்னா தலைப்போடயே சேத்து வை. பதிப்பகம் காலியா இருந்தா மென்பொருள் திருப்பாதுல்ல?"

"திருப்பாதுக்கா. தலைப்பும் ஆண்டும் அடுக்கு எண்ணும்தான் கட்டாயம்னு வச்சிருக்கு."

"அப்ப அது காலியாவே இருக்கட்டும். தப்பா நெறைக்குறதுக்குக் காலியா விடுறது மேல்."

"ஆண்டு?"

அதைத்தான் இவ்வளவு நேரமும் இருவரும் தள்ளிப்போட்டுக்கொண்டு வந்தோம். ஆண்டை அப்படிக் காலியாக விட வழியில்லை. மென்பொருளில் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட, அதைப் பராமரிக்கிற கம்பெனிக்கு எழுதிக்கொடுத்துக் காத்திருக்க வேண்டும். வானம் மேற்கே சிவக்கத் தொடங்கியிருந்தது. மலைப்பக்கம் வெயில் சீக்கிரமே இறங்கிவிடும்.

"பிரின்சிபால் இங்கன வந்தாவக்கா. ஆயிரத்துத் தொள்ளாயிரம் போடச் சொன்னாவ. போட்டேன்னா இப்பவே எல்லாம் ஏறிரும்."

"வேண்டாம்."

"எக்கா..."

"ஒன்பது ஒன்பது ஒன்பது ஒன்பதுன்னு போடு."

"ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொன்பதா?"

"நாலு இலக்கம்தான? ஏறும். எந்தப் பைத்தியக்காரனும் அத ஆண்டுன்னு நம்ப மாட்டான். பொய் சொல்லித்தான் ஆகணும்னா, பொய்யின்னு பாத்த உடனே தெரியுத மாதிரி சொல்லணும். அப்புறம், பட்டியல்ல என்ன இருக்கோ, பிலவவோ ஹிஜ்ரியோ, அத ஓர் எழுத்து விடாம குறிப்புக் கட்டத்துல போடு."

அவள் சிரித்தாள். அன்றைக்கு முதல்முறையாகச் சத்தம் போட்டுச் சிரித்தாள். "சரிக்கா. பிரின்சிபால் கேட்டா?"

"நான் சொன்னேன்னு சொல்லு."

அவள் தட்டுகிற சத்தம் போனில் கேட்டுக்கொண்டிருந்தது. நான் குவியலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டிக்காரர் இரண்டு தரம் ஹாரன் அடித்தார். அண்ணாச்சி அவரிடம் போய் ஏதோ பேசிவிட்டு வந்தார். என்ன பேசினார் என்று கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை.

திடீரென்று அண்ணாச்சி நான் முதலில் அனுப்பிய பட்டியலை என் முகத்துக்கு நேரே நீட்டினார். ஓர் எண்ணின் மேல் விரல் வைத்திருந்தார்.

"இது என்னம்மா? ஆயிரத்து அறுவத்தஞ்சுன்னு போட்டிருக்கு. ஆயிரத்து அறுவத்தஞ்சுல ஏது அச்சு?"

பார்த்தேன். அது ஏறிய வரி. நான்கு இலக்கம் இருந்ததால் மென்பொருள் கேள்வி கேட்காமல் ஏற்றிக்கொண்டது. நானும் கவனிக்கவில்லை.

"மலையாளத்துக் கொல்லம் ஆண்டா இருக்கும்" என்றேன்.

"அதேதான். எங்க வீட்டுப் பழைய பத்திரமெல்லாம் கொல்லத்துலதான் இருக்கும். எண்ணூத்தி இருவத்தஞ்சக் கூட்டணும். ஆவணியில வருஷம் பொறக்கும். அதனால ஆவணியிலேருந்து மார்கழி பாதிவரைக்கும்னா இருவத்தி நாலு. மாசம் போட்டிருக்கா?"

அவரே ஓர் அட்டைப்பெட்டியைப் பிரித்து அந்தப் புத்தகத்தைத் தேடி எடுத்தார். மாசம் போடவில்லை. "அப்ப ஒரு வருஷம் முன்னப் பின்ன வரும். குறிச்சுக்கிடுங்க" என்று சொல்லிவிட்டுப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்து, பட்டியல் முழுக்க ஆயிரத்தில் தொடங்கும் இப்படிப்பட்ட எண்களைத் தேடி வட்டம் போட ஆரம்பித்தார். கோபம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது. முணுமுணுத்துக்கொண்டேதான் செய்தார்.

போனில் அவள், "ஏறிருச்சுக்கா. ஒதுக்குன கோப்பத் திறந்து பாத்துட்டேன். கொஞ்சம்தான் மிச்சம். லிஸ்ட் அண்ணாச்சிக்கும் உங்களுக்கும் அனுப்பிட்டேன்" என்றாள்.

அண்ணாச்சியின் போன் ஒலித்தது. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"ஏலே, அந்த வண்டியில இருக்குறத இறக்குங்கலே. பைய, பைய! கிழியாம இறக்கணும்."

வெளிச்சம் இருந்தவரை இறக்கினோம். பெட்டிகள் போதவில்லை. ஆலையிலிருந்து சாக்குகள் வரவழைத்தார். எண் வரிசையெல்லாம் பார்க்க நேரமில்லை. அரபு எழுத்தில் அச்சான சிலவற்றை எங்கே வைப்பது என்று ஆட்கள் கேட்டார்கள். அவை அரபுத் தமிழ்ப் புத்தகங்கள். மொழி தமிழ்தான், எழுத்து அரபு. தட்டச்சுப் பட்டியலில் அவற்றுக்குத் தலைப்பே இல்லை. எழுதியவர் பெயர் வரும் இடத்தில் 'அரபுத் தமிழ் நூல்' என்று போட்டு அடுக்கு எண்ணை மட்டும் கொடுத்திருந்தார்கள். கடைசிவரை ஏறாமல் மிச்சம் நின்றவை அவைதான். ஏறாத புத்தகத்தை எங்கள் வாசலுக்குள் கொண்டுபோக எனக்கு அதிகாரமில்லை. அண்ணாச்சியிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"அதுக்கென்ன, என் ஆலையில இருக்கட்டும்" என்றார்.

*

பேட்டைக் குடோனுக்கு மறுநாள் நானும் அவளும் போனோம். முதல் நடையில் போன புத்தகங்கள் ஒரு மூலையில் கிடந்தன. பழைய பேப்பர் கடையில் கனத்த அட்டையைத் தனியாகப் பிய்த்துவிடுவார்கள். அண்ணாச்சியின் போன் வருவதற்கு முன்பே நிறைய புத்தகங்களுக்கு அட்டை போயிருந்தது. அட்டையோடு முதுகும், முதுகோடு அடுக்கு எண்ணும் போயிருந்தன. முன்பக்கங்கள் கிழிந்தவையும் உண்டு. அவை எவர் எழுதியவை என்றே தெரியவில்லை. சில புத்தகங்கள் அங்கே இல்லவே இல்லை. முந்தின நாள் காலையிலேயே வேறு லோடோடு போயிருக்கலாம் என்றார்கள். குடோன் பையன்கள் நாங்கள் தரையில் உட்கார்ந்து தாள்களைப் பொறுக்குவதை வேடிக்கை பார்த்தார்கள். அவள் தலை முக்காட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு தூசியில் தும்மித் தும்மி வேலை செய்தாள். நான் பொறுக்கிய தாள்களைத் தூசி தட்டி அடுக்கினேன்.

அதன் பிறகு பல மாதம் எங்களுக்கு இதே வேலை. அட்டை போன புத்தகங்களுக்கு எண் கிடையாது. அதனால் எழுதியவர், தலைப்பு, பதிப்பகம் என்று இருக்கிறதை வைத்துப் பட்டியலில் தேடி, இதுதான் அது என்று உறுதியானபின் எண்ணை எழுதி ஒட்டினோம். சத்தமில்லாமல் ஏறியிருந்த தப்புகளை ஒவ்வொன்றாகப் பிடித்தோம். தலைப்பாகிவிட்டிருந்த இரண்டாவது ஆசிரியர்களை மறுபடியும் ஆசிரியர்களாக்கினோம். ஒன்பதுகளை ஒவ்வொன்றாக எடுத்தோம். பிலவ என்றால் அறுபது வருடத்துக்கு ஒருமுறை வருகிற பிலவ. எந்தப் பிலவ என்று அச்சகம் இருந்த காலத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். சொல்ல முடியாதவற்றில் ஒன்பதுகள் அப்படியே இருக்கின்றன.

பிரின்சிபால் ஒருநாள் நூலகத்துக்கு வந்து திரையைப் பார்த்துவிட்டு, "இது என்ன மேடம், எட்டாயிரம் வருஷத்துக்கு அப்புறம் வர்ற புத்தகமா?" என்று கேட்டார். விளக்கினேன். அவர் சிரிக்கவில்லை. ஆனால் மென்பொருள் கம்பெனிக்கு எழுதும் கடிதத்தில் அன்றே கையெழுத்துப் போட்டார். ஆண்டு இப்போது கட்டாயமில்லை.

அரபுத் தமிழ்ப் புத்தகங்கள் ஆலையிலேயே கொஞ்ச நாள் இருந்தன. அவளுடைய வாப்பாவுக்கு அந்த எழுத்து வாசிக்க வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சி ஆலை வேனிலேயே சாக்குகளை மேலப்பாளையத்தில் அவர்கள் வீட்டில் கொண்டுவந்து இறக்கினார். வாப்பா ஒவ்வொன்றாக வாசித்துச் சொல்லச் சொல்ல அவள் தமிழ் எழுத்தில் அடித்தாள். அண்ணாச்சி போகாமல் உட்கார்ந்திருந்தார். ஒரு புத்தகம் மழையைப் பற்றிய பாட்டு என்று தெரிந்ததும், "இது தமிழாவே, நான் இத்தன வருஷமா குரான் ஓதுறதுன்னுல்லா நெனச்சேன்" என்றார். "தமிழ்தான் அண்ணாச்சி. இன்னொரு தடவ வாசிக்கட்டா?" என்று வாப்பா கேட்டார்.

பட்டியலில் வரி இருந்து, புத்தகம் கிடைக்காதவை இன்னும் இருக்கின்றன. எழுதியவர் பெயர் இருக்கிறது, தலைப்பு இருக்கிறது, சிலவற்றுக்கு ஆண்டுகூட இருக்கிறது. அடுக்கு எண் காட்டும் இடத்தில் புத்தகம் இல்லை. இருப்புச் சரிபார்க்க வருகிறவர்கள் ஒவ்வொரு முறையும் அந்த வரிகளை நீக்கிவிடலாமே என்று கேட்கிறார்கள். இல்லாததைப் பட்டியலில் வைத்திருப்பது முறையில்லைதான். நிலை என்ற கட்டத்தில் 'காணவில்லை' என்று போட்டிருக்கிறேன், அது போதும் என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன். நான் வேலையில் இருக்கிறவரை அவற்றை நீக்கப்போவதில்லை.